சிபாரிசும் சுற்றமும்

எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பிறர்க்கு உத்தியோகம் வழங்கும் நிலையில் இருக்கின்றனர். அவர்க்குத் தமிழ் கற்பித்தவர் என்ற முறையில் எமக்கும் ஊரிலே ஒரு புதிய மதிப்பு வந்து சேர்ந்திருக்கின்றது. "அங்கே முகாமையாளராய் இருப்பவர் உங்கள் மாணவர்தானே, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் ஆகாதோ?" என்பதே அம்மதிப்பு வெளிப்படும் வகை. கேட்போர் அயலவர் அல்லர். எமது கலியாண வீட்டிலும் இழவு வீட்டிலும் முன்னின்று உழைத்தவர்கள். அவர்க்கு 'இல்லை' என்று சொல்லுதலும், சொன்ன பின்னர் அவர் வீட்டுத் திண்ணையில் முன்போல் அமர்ந்து தேநீர் அருந்துதலும் எளிதல்ல. முதலில் யாம் தவறிய கதையையும், பின்னர் ஒருவாறு கற்றுக்கொண்ட கதையையும் இங்கே கூறுகின்றோம்.

2018 ஆம் ஆண்டில் எம் நண்பர் ஒருவர் தம் மகனுக்காக எம்மிடம் வந்தார். எம் பழைய மாணவர் ஒருவர் பொறுப்பிலிருந்த நிறுவனமொன்றில் அப்பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்றார். அப்பிள்ளையைக் கோயில் வீதியில் இரண்டொரு முறை கண்டதன்றி யாம் அறியோம். ஆயினும் மறுக்க நாவெழவில்லை. "பார்ப்போம்" என்றோம். இந்தப் 'பார்ப்போம்' என்னும் சொல் சொல்பவன் வாயில் மறுப்பாகவும் கேட்பவன் செவியில் உடன்பாடாகவும் இருப்பது. நண்பர் மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை ஒரு வாழைக்குலையோடு வந்தார். அதன்மேல் மறுத்தல் இயலாதென்று கருதி, 'நற்குணமும் உழைப்பும் வாய்ந்தவர்' என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம்.

பிள்ளை நேர்முகப் பரீட்சையின்றியே எடுக்கப்பட்டார். இரண்டு மாதம் நிறையுமுன்னர் ஒருவர்க்கும் சொல்லாது வேலையை விட்டு நின்றுவிட்டார். எம் மாணவர் அதுபற்றி எமக்கு ஒரு வார்த்தையும் சொன்னாரல்லர். பிறர் வாயிலாகவே அறிந்தோம். ஆனால், ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு மறுநாள் எம் வீட்டுக்கு வரும் வழக்கமுடைய அவர், அதன் பின்னர் வரவில்லை. நண்பரும், "இப்படியொரு கடினமான இடத்திலா என் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டீர்?" என்று மனத்தாங்கல் கொண்டார். ஒருவரையும் நோகச் செய்யாதிருக்க எழுதிய கடிதம் இருவரையும் எம்மிடமிருந்து பிரித்தது.

அந்நாளில் இரண்டு உண்மைகள் எமக்குத் தெளிவாயின. முதலாவது, ஆசிரியன் தன் மாணவனிடம் கேட்பது சிபாரிசு அன்று, கட்டளை. வேறெவர் கடிதத்தையும் ஒரு முகாமையாளர் மேசையின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கலாம். பிரம்பு பிடித்த கையால் எழுதிய கடிதத்தை ஒதுக்க அவர்க்கு மனம் வராது. ஆகவே நாம் அவர்க்கு ஒரு விண்ணப்பத்தை அனுப்பவில்லை; அவர் தீர்மானிக்கும் உரிமையையே எடுத்துக்கொள்கின்றோம். இரண்டாவது, நற்சாட்சிப் பத்திரத்தின் உயிர் மூன்று செய்திகளில் இருக்கின்றது. விண்ணப்பதாரரை எத்தனை காலமாக அறிவோம், எந்த முறையில் அறிவோம், அவர் செய்த எந்தக் காரியத்தை எம் கண்ணாற் கண்டோம் என்பன அவை. யாம் எழுதிய கடிதத்தில் இம்மூன்றில் ஒன்றுதானும் இல்லை. அடைமொழிகள் மாத்திரமே இருந்தன.

இனி, 2023 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைச் சொல்வோம். எம் பெரியதாயாரின் மகள் ஒருநாள் மாலை தம் மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். எம்மைத் தோளிற் சுமந்து வளர்த்த அக்கா அவர். ஒரு வணிக நிறுவனத்தின் கிளையில் கணக்குப் பகுதிக்கு எழுதுநர் தேவை என்ற பத்திரிகை விளம்பரத்தை வெட்டி வைத்திருந்தார். கிளைக்குப் பொறுப்பானவர் எம் மாணவர். அக்கா கேட்டவை இரண்டு. விண்ணப்பத்தில் உறவினரல்லாத இருவரின் பெயர் கேட்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்றாக எம் பெயரை இடவேண்டும் என்பது ஒன்று. முகாமையாளரோடு தொலைபேசியில் ஒரு சொல்லுப் பேசவேண்டும் என்பது மற்றையது. "உன் முதலெழுத்து வேறு, இவன் முதலெழுத்து வேறு. உறவென்று யார் அறியப் போகின்றார்கள், தம்பி?" என்றார்.

இம்முறை 'பார்ப்போம்' என்று சொல்லாதிருக்க உறுதிகொண்டோம். எனினும் உடனே மறுத்தோமல்லோம். விளம்பரத்தை முழுதும் வாசித்தோம். மருமகனிடம் அவர் கற்றதையும் செய்ததையும் ஒவ்வொன்றாய்க் கேட்டோம். அரைமணி நேரம் சென்றது. கேட்டறியாமல் மறுப்பவன் ஆளையே மறுக்கின்றான். கேட்டறிந்து மறுப்பவன் காரியத்தை மாத்திரம் மறுக்கின்றான். இவ்வேறுபாடு கேட்போர்க்கு நன்றாகவே விளங்கும்.

பின்னர், "அக்கா, இந்த இரண்டையும் நான் செய்யமாட்டேன்" என்றோம். 'இயலாது' என்று சொல்லவில்லை. இயலாதென்றால், இயலும் வழியை அவர் தேடித் தருவார். தொலைபேசி இலக்கமும் கொண்டுவருவார். 'அந்த மாணவரோடு இப்போது பழக்கமில்லை' என்று பொய்யும் சொல்லவில்லை. அடுத்த கல்லூரி விழாவில் இருவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தால் அப்பொய் வெளிப்பட்டுவிடும்; மறுப்பை மன்னிப்பவரும் பொய்யை மன்னியார். காரணத்தை உள்ளபடியே கூறினோம். "உறவினரல்லாதவர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டால், முதற்பக்கத்திலேயே பொய் இருக்கும், அது தெரியவரும் நாளில் தண்டனை எனக்கன்று, பிள்ளைக்கே. மற்றது, அந்த முகாமையாளர் என் சொல்லைத் தட்டமாட்டார். அதனாலேதான் நான் சொல்லக்கூடாது. அவர் என்னிடம், 'ஐயா, இவர் கணக்கெழுதி நீங்கள் கண்டதுண்டா?' என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?" இவ்வளவே சொன்னோம். பிள்ளையின் தகுதியைப் பற்றி ஒரு குறையும் கூறவில்லை; கூற எமக்கு உரிமையுமில்லை.

அக்கா சிறிதுநேரம் பேசாதிருந்து, "சரி தம்பி, நீ பார்த்துச் செய்" என்றார். எம் மறுப்பு அவர் செவியை எட்டவில்லை என்பதற்கு அவ்வார்த்தையே அடையாளம். அங்கே யாம் வாளா இருந்திருந்தால் 2018 ஆம் ஆண்டுக் கதை மீண்டும் தொடங்கியிருக்கும். ஆதலால், மனம் வருந்தினும், "அக்கா, நான் பேசப் போவதில்லை, அதை எண்ணிக் காத்திராதேயுங்கள்" என்று இரண்டாம் முறையும் சொன்னோம். அவர் முகம் வாடியது. அதைக் காணாததுபோல் இருக்கவும் யாம் முயலவில்லை.

அதன் பின்னரே, செய்யக்கூடியதைச் சொன்னோம். மறுப்புக்கு முன்னே உதவியைச் சொன்னால் அது பேரம் போலத் தோன்றும். அவ்வுதவி எம் கையாலேயே, அன்றிரவே செய்யத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். இன்னொருவரிடம் சொல்லிப் பார்க்கின்றோம் என்பது மற்றுமொரு 'பார்ப்போம்' ஆகிவிடும்.

மருமகனைக் கேட்டபொழுது ஒரு செய்தி வெளிவந்திருந்தது. அவர் தம் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு இரண்டு ஆண்டுகள் பொருளாளராய் இருந்திருக்கின்றார். சந்தா, பத்திரிகைச் செலவு, ஆண்டு விழாச் செலவு யாவற்றையும் பற்றுச்சீட்டோடு புத்தகத்தில் எழுதி, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசித்து ஒப்புவித்திருக்கின்றார். அதனைத் தாயும் மகனும் ஒரு பொருட்டாகவே கருதவில்லை, விண்ணப்பத்தில் எழுதவுமில்லை. கணக்கெழுதுநர் தேவை என்பவர்க்கு அதைக் காட்டிலும் வேண்டுவது யாது? நிலையத்தின் தலைவர் உறவினரல்லர்; அப்புத்தகத்தைக் கண்ணாற் கண்டவர். மாலை வேளைகளில் பிள்ளை உதவிசெய்த பலசரக்குக் கடையின் உரிமையாளரும் அத்தகையவரே. உறவினரல்லாத இருவர் ஊரிலேயே இருந்தனர். எம்மிலும் அவர்கள் பொருத்தமானவர்கள்.

அன்றிரவு விண்ணப்பத்தை மூவருமாய்த் திருத்தினோம். பொருளாளர் பணியை ஆண்டோடும் செய்த வேலையோடும் இரண்டு வரியில் எழுதுவித்தோம். இருவரின் இசைவையும் முன்னரே நேரிற் சென்று பெற்று, பெயர் முகவரிகளை எழுதும்படி சொன்னோம். சான்றிதழ்ப் பிரதிகளை உறுதிப்படுத்துதல், கடித உறையின் இடப்பக்க மேல்மூலையிற் பதவியின் பெயரை எழுதுதல், பதிவுத் தபாலில் அனுப்புதல் ஆகியவற்றையும் நினைவூட்டினோம்.

பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது, அவ்விடம் கிடைக்கவில்லை. அக்கா மூன்று மாதம் எம் வீட்டுப் பக்கம் வரவில்லை. மறுத்தவன் நோவைத் தாங்கும் பருவம் அதுவே. அவர் வராவிடினும் யாம் செல்வதை நிறுத்தவில்லை. கோயில் திருவிழாவுக்கும், அத்தான் காய்ச்சலாய்க் கிடந்தபோதும், காரணமின்றியும் சென்றோம். உத்தியோகப் பேச்சை யாமாக எடுக்கவில்லை; எம்மை நியாயப்படுத்தவும் முயலவில்லை. முதல் இருமுறையும் தேநீர் மருமகன் கையால் வந்தது. மூன்றாம் முறை அக்காவே கொண்டுவந்து வைத்து, "சீனி போதுமோ, பார்" என்றார்.

அதே விண்ணப்பத்தை அனுப்பி, 2024 ஆம் ஆண்டில் வேறோர் இடத்தில் மருமகன் வேலை பெற்றார். அது எம்மால் அன்று. அவர் எழுதிய கணக்குப் புத்தகத்தால்.

திருக்குறளிலே தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல், சுற்றந் தழால் என்னும் அதிகாரங்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்துள்ளன. ஆராய்ந்து நம்புதல் முதலில்; அறிந்து வேலை கொடுத்தல் அடுத்து; சுற்றத்தைத் தழுவுதல் அதன் பின். பல ஆண்டுகள் இவ்வதிகாரங்களை வகுப்பிற் கற்பித்தும், அவ்வொழுங்கின் பொருளை அக்காவின் திண்ணையிலேதான் உணர்ந்தோம். சுற்றத்தைத் தழுவுவதற்குச் சிபாரிசு வேண்டியதில்லை.

அந்தக் கிளையின் முகாமையாளர்க்கு இச்செய்தி இன்றளவும் தெரியாது. அவர் இம்மலரை வாசித்துத் தம்மை இனங்கண்டுகொள்வாராயின், அன்று நேர்முகப் பரீட்சையில் தாம் தள்ளிய பிள்ளை எம் மருமகன் என்று வருந்தவேண்டாம். வருகின்ற பொங்கலுக்கு மறுநாள் வீட்டுக்கு வரலாம். 2018 இல் வராது நின்ற மற்றை மாணவரும் வரலாம்; அவரிடம் யாம் கேட்கவேண்டிய மன்னிப்பு ஒன்று இன்னும் நிலுவையில் இருக்கின்றது.