எல்லை கடந்தால் பொருள் மாறும் அனுதாபம்

1956 மொழிவழிப் பிரிவினையில் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆயினும் பாறசாலை முதலிய எல்லைச் சிற்றூர்களில் இரு மொழிகளும் புழங்குகின்றன. பிறர் துயரைக் குறிக்கும் சொற்களை அங்கே ஒலியொற்றுமையை நம்பிப் பொருள்கொள்ளலாகாது.

இரங்கல் சுவரொட்டியில் 'ஆழ்ந்த அனுதாபம்' என்று எழுதுகிறோம். மலையாளத்தில் அனுதாபம் என்பது தன் பிழைக்குத் தானே வருந்துதல். கிறித்தவ வழக்கில் மனந்திரும்புதல். வடமொழியிலும் அதுவே பொருள்: 'அனு' பின், 'தாபம்' வெம்மை; செய்தபின் வேகுதல். நம் அனுதாபத்துக்கு அவர்கள் சொல் 'சகதாபம்', அதாவது உடன்வேகுதல். துயருற்றவர் அருகில் நிற்கும் உணர்வு அது.

'அவன் பாவம்' என்று தமிழில் சொன்னால் அது பரிதாபம். சொல்பவர் ஒருபடி மேலே நிற்கிறார். மலையாளத்தில் 'அவன் ஒரு பாவம்' என்பது சூதறியாதவன் என்னும் கனிவாகவும் ஒலிக்கும். தீவினைக்கு அங்கே 'பாபம்' என்ற தனிச்சொல் உண்டு.

இவ்விரண்டிலிருந்தும் ஒத்துணர்வு வேறுபட்டது. அது பிறர் நிலையில் நின்று அறிதல். வஞ்சகனுக்கும் அது வாய்க்கும். துயர்துடைக்கக் கை நீளும்போதே அது கருணையாகிறது.

ஆகவே எல்லைப்புற வாய்மொழியைப் பெயர்ப்போர், சொல்லை எழுதுமுன் சொன்னவர் எங்கே நின்று சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்வது நலம்: மேலிருந்தா, அருகிருந்தா, உள்ளிருந்தா, கைகொடுத்தா?