சிவப்பு ஐசி

2013 மே 5, ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவின் பொதுத்தேர்தல் நாள். செனாய்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. எனக்கு ஏழு வயது. அன்றைய நாளைப் பத்தொன்பது வயதில் முதன்முறையாக எழுதியபோது, "என் பாட்டி குடியுரிமை இல்லாதவள்" என்று தொடங்கினேன். எழுதி முடித்ததும் தெரிந்தது, பாட்டி ஒரு செய்தித்தாள் துணுக்காகிவிட்டாள். முதல் வரியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டதால் வாசகருக்குக் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை.

அதனால் ஏழு வயதுப் பையனுக்குத் தெரியாத சொற்களை எல்லாம் அடித்தேன். குடியுரிமை போனது. 'பாட்டியின் கண்களில் சோகம்' என்ற வரியும் போனது. அன்று நான் பார்த்தது அவள் கண்களை அல்ல, சட்டியில் வெந்த வாழைக்காய் பஜ்ஜியை. மிஞ்சியது இவ்வளவுதான்:

அப்பாவும் அம்மாவும் பசியாறிவிட்டு ஐசியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பாட்டி வரவில்லை. "எனக்கு வேல கெடக்குடா" என்றாள். என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் இருக்கிறாள் என்று எனக்குப் பெருமை. அவள் ஐசி சிவப்பு, அவர்களுடையது நீலம். சிவப்புதான் அழகு. திரும்பி வந்த அம்மாவின் விரலில் மை. எனக்கும் வேண்டும் என்று அழுதேன். பாட்டி தங்கச்சியின் கண்மை டப்பாவைத் திறந்து எனக்கு வைத்தாள். நான் அவளுக்கு வைத்தேன். மறுநாள் துணி துவைக்கும்போது அந்த ஒரு விரலை மட்டும் மடக்கியே வைத்திருந்தாள். விரல் வலி போல.

மடக்கிய விரலைப் பையன் வலி என்று தவறாகப் புரிந்துகொள்கிறான். தவறு அவன் வயதுக்குப் பொருந்த வேண்டும். ஆனால் அவன் பார்த்தது சரியாக இருக்க வேண்டும். வாசகர் அந்தச் சரியான காட்சியைப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போய்விடுவார்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. சென்னை நண்பன் படித்துவிட்டு, "சிவப்புன்னா என்னடா?" என்றான். நிரந்தரவாசிகளுக்கான அட்டை, அதை வைத்து ஓட்டுப் போட முடியாது என்பது மலேசியர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கதைக்குள் விளக்கினால் பையன் செத்துப்போவான். அதனால் அவன் காதில் விழக்கூடிய ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். வாசலில் அப்பா அம்மாவிடம் சொல்கிறார்: "இங்கயே பொறந்தவங்க, ஒரு சூராப் பத்திரம் இல்லாததால ஓட்டு இல்ல." பையனுக்கு அது புரியவில்லை. அந்த நேரம் செனாய் விமானம் தாழப் பறக்கிறது, அவன் அண்ணாந்து பார்க்கிறான்.

நண்பன் மறுபடி படித்தான். விமானம் வந்த இடத்துக்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. "அந்த மை எத்தன நாள் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டான்.

கண்மைதானே, மூன்றாம் நாள் போய்விட்டது. அம்மாவின் விரலில் இன்னும் இருந்தது.