ஓவன் பீப் அடிச்சாச்சு... சூடாச்சா?

முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பதிவு முழுக்க 'ஓவன்'னுதான் எழுதப்போறேன். உச்சரிப்பு சுத்தமா இருக்கட்டும்னு 'அவன்'னு எழுதினா, "அவன் இன்னும் சூடாகலை"ன்னு படிச்சிட்டு யாரைத் திட்டறான்னு பின்னூட்டத்துல கேப்பீங்க :-)

அமெரிக்காவுல படிக்க வர்ற நம்ம பசங்க வீட்டுல ஓவனுக்கு இருக்கற முக்கியமான வேலை, தோசைக்கல்லையும் வாணலியையும் உள்ள அடுக்கி வைக்கறது. எங்க அபார்ட்மெண்ட்லயும் ரெண்டு வருஷமா அப்படித்தான் இருந்துச்சு. போன தீபாவளிக்கு டிபார்ட்மெண்ட் பாட்லக்குக்கு 24 முட்டை பப்ஸ் கொண்டு வரேன்னு என் ரூம்மேட் வாய் விட்டுட்டான். தம்பி கோவில்பட்டி. ஊர் பேக்கரி பப்ஸ் மாதிரியே செய்யணும்னு பிடிவாதம். உறைஞ்ச பஃப் ஷீட் மூணு பாக்கெட் வாங்கிட்டு வந்தான். ஒரு பாக்கெட்டுக்கு 8 பப்ஸ்.

முதல் பாக்கெட்டை எப்படிச் செஞ்சான்னா, பாக்கெட்டுல போட்டிருந்த மாதிரியே 400 டிகிரி ஃபாரன்ஹீட் (நம்ம கணக்குல 200 செல்சியஸ் கிட்ட) வச்சான். ஒன்பதாவது நிமிஷம் பீப் அடிச்சுது. உடனே உள்ள தள்ளினான். 22 நிமிஷம் கழிச்சு வெளிய வந்தது பப்ஸ் இல்லை. மேல நல்லா கறுத்து, அடியில வெள்ளையா, தட்டு பூரா நெய் மாதிரி கொழுப்பு தேங்கி நிக்க, எட்டும் சப்பையா உக்காந்திருந்துச்சு. "அண்ணே, பீப் அடிச்ச பொறவுதானே வச்சேன்?"னு கேட்டான் பாவம். சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் பாட்லக், மீதி ரெண்டு பாக்கெட்.

அவன் கேட்டதுல தப்பே இல்லைங்க. பீப் அடிச்சா ரெடின்னுதான் யாருமே நினைப்பாங்க. ஆனா அந்த பீப் எதைப் பார்த்து அடிக்குதுங்கறதுலதான் மேட்டரே இருக்கு.

உங்க ஓவன் கதவைத் திறந்து பின்சுவரோட மேல்மூலையில பாருங்க. பெரும்பாலான மின்சார ஓவன்கள்ல பென்சில் மாதிரி ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் சென்சார். அது அளக்கறது அந்த மூலையில இருக்கற சூட்டை மட்டும்தான். சூடான காத்து மேலதானே போகும்? அதனால அந்த இடம் சீக்கிரமே 400-ஐத் தொட்டுடும், பீப்பும் அடிச்சுடும். நடுத்தட்டுல என்ன நிலவரம், சுவர் சூடாச்சா, அதெல்லாம் அதுக்குத் தெரியாது.

ஆனா பேக்கிங்குக்கு வேண்டியது அந்தச் சுவர்ச் சூடுதான். வழக்கமான அளவு ஓவனுக்குள்ள 200 செல்சியஸ்ல இருக்கற காத்தை எடை போட்டா சுமார் 100 கிராம்தான் வரும். அதுல எவ்வளவு சூட்டைச் சேமிச்சு வைக்க முடியும்? கதவைத் திறந்தா அதுலயும் பாதிக்கு மேல முகத்துல அடிச்சிட்டு வெளிய போயிடும். சூட்டைப் பிடிச்சு வச்சுக்கறது இரும்புச் சுவரும், அடித்தளமும், கம்பித்தட்டும்தான். காத்தாடி ஓடாத ஓவன்ல பண்டத்துக்குப் போற சூட்டுல பெரும்பகுதி சுவர்ல இருந்து கதிரா வர்றது. சுவர் 400-ல இல்லாம 300 டிகிரியிலயே நின்னுட்டா, அது வீசற கதிர் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைஞ்சிடும். நூறு டிகிரிதானேன்னு விட்டுட முடியாது.

நான் ஒரு சின்ன ஓவன் தெர்மாமீட்டரை நடுத்தட்டுல வச்சுப் பார்த்தேன். (ஊசி வச்ச மாடல், விலை ஒரு பீட்சாவை விடக் கம்மி.) பீப் அடிச்சப்ப 340. பதினஞ்சாவது நிமிஷம் 370. முப்பதாவது நிமிஷம்தான் 400-க்கு வந்து அங்கயே நின்னுச்சு. இந்த ஊசி தெர்மாமீட்டர் கொஞ்சம் சோம்பேறி, ரெண்டு மூணு நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். அதைக் கழிச்சாலும் வித்தியாசம் பெருசுதான்.

கதவை அரை நிமிஷம் திறந்து மூடியும் பார்த்தேன். பீப் அடிச்ச உடனே திறந்தா 300-க்குக் கீழ விழுந்துச்சு, 380-க்குத் திரும்ப வர 12 நிமிஷம் எடுத்துச்சு. முப்பது நிமிஷம் காய விட்டுத் திறந்தப்ப 340 வரைதான் விழுந்துச்சு, நாலே நிமிஷத்துல திரும்பிடுச்சு. சுவர்ல இருந்த சூடு காத்துக்குக் கடன் கொடுத்த கதை. இது எங்க ஓவன் கணக்கு, உங்களுது வேற மாதிரி இருக்கும்.

அந்த 12 நிமிஷம்தான் பப்ஸைக் கெடுத்தது. பப்ஸ் மாவுல ஒரு அடுக்கு மாவு, ஒரு அடுக்கு கொழுப்புன்னு மாறி மாறி இருக்கும். சூடு சட்டுனு பட்டா மாவுல இருக்கற தண்ணி ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும், தூக்கின நிலையிலயே மாவு வெந்து நின்னுடும். சூடு மெதுவா ஏறினா என்ன ஆகும்? வெண்ணெய் 35 செல்சியஸ்லயே உருகிடும், ஆவி வர 100 வேணும். ஆவி வந்து தூக்கறதுக்குள்ள கொழுப்பு உருகித் தட்டுல ஓடிடும். தட்டுல எண்ணெய் தேங்கினா ஓவன் சூடு பத்தலைங்கறதுதான் எனக்கு முதல் சந்தேகம். மாவு இளகிப் போயிருந்தாலும் இதே கதைதான், அதனால ரெண்டையும் பார்க்கணும்.

சரி, சூடு பத்தலைன்னா மேல மட்டும் ஏன் கறுத்துச்சு? நிறைய ஓவன்கள்ல சீக்கிரம் சூடாக்கறதுக்காக மேல் கம்பியையும் சேர்த்துப் போட்டு விடறாங்க. கதவு திறந்து சூடு விழுந்ததும் சில ஓவன்ல அதே கம்பி திரும்பவும் செக்கச்செவேல்னு எரியும். நேரா பப்ஸ் தலையில அடிக்கும். அடியில தட்டு இன்னும் குளிர்ச்சி. அதான் மேல கரி, கீழ பச்சை மாவு.

ரெண்டாவது பாக்கெட்டுக்கு இப்படிச் செஞ்சோம். உள்ள இருந்த வாணலி வகையறாவை வெளிய எடுத்தோம் (அதுவும் சூட்டைக் குடிக்கும்ங்க). 425 வச்சு, பீப் அடிச்ச பிறகும் 20 நிமிஷம் விட்டோம். அதுவரைக்கும் முட்டை வச்சு மடிச்ச பப்ஸ் ஃப்ரிட்ஜுக்குள்ளயே இருந்துச்சு. தட்டை மளமளன்னு உள்ள தள்ளிக் கதவைச் சாத்தி, 400-க்குக் குறைச்சோம். முதல் 15 நிமிஷம் எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு தம்பிக்கு ஸ்ட்ரிக்ட் ஆர்டர். கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டே நின்னான். எட்டும் எழும்பிச்சு, அடியும் சிவந்துச்சு. மூணாவது பாக்கெட்டும் அப்படியே. 24 சொன்ன இடத்துல 16 போச்சு, சப்பை எட்டை நாங்க ரெண்டு பேரும் ராத்திரி சாஸ் தொட்டுச் சாப்பிட்டோம்.

தெர்மாமீட்டர் வாங்க யோசிக்கறவங்க ஓவன் கம்பியைக் கவனிக்கலாம். கம்பி கண்ணுக்குத் தெரியற மாடலா இருந்தா, பீப்புக்கு அப்புறம் அது அணைஞ்சு அணைஞ்சு எரியும். முதல்ல அணைஞ்ச கொஞ்ச நேரத்துலயே திரும்ப எரியும், சுவர் சூடு குடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அணைஞ்சிருக்கற நேரம் நீண்டு ஒரே சீரா வந்துடுச்சுன்னா ரெடி. கரண்டு பில் பயம் வேண்டாம், கூடுதலா விடற 20 நிமிஷத்துக்கு எங்க ஓவன் மாதிரி சைஸுக்கு அரை யூனிட்டுக்குள்ளதான் ஆகும்.

எல்லாத்துக்கும் இவ்வளவு காத்திருக்கணுமான்னா, இல்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடவோ, மிச்சம் இருக்கற பாஸ்தாவைச் சூடு பண்ணவோ பீப் வரைக்கும் கூட நிக்க வேண்டாம், நேரா உள்ள வைங்க. பீட்சா கல்லு இருந்தா மட்டும் அதுக்கு 45 நிமிஷமாவது கொடுங்க. அது தடி ஆளு, லேசுல சூடாகாது.