ரெக்கார்டு செய்யாத டேப் ரெக்கார்டர்

ஒரு காலத்தில் நம் வீடுகளில் கேசட்டில் பாட்டுக் கேட்கும் பெட்டிக்கு டேப் ரெக்கார்டர் என்றுதான் பெயர். வாங்கியவர்களில் பலர் ஒருநாளும் எதையும் பதிவு செய்ததில்லை. ஆனாலும் அந்த சிவப்பு பட்டன் இல்லாத பெட்டியைக் கடைக்காரர் நீட்டியிருந்தால், “என்னங்க, பாதி மெஷினைக் கொடுக்கறீங்க?” என்று கேட்டிருப்பார்கள்.

1979-ல் ஜப்பானில் சோனி நிறுவனத்துக்கு வந்த தலைவலியும் இதேதான்.

சோனியைத் தொடங்கிய இருவரில் மூத்தவர் மசாரு இபுகா. எழுபது வயதை எட்டிய அவருக்கு விமானப் பயணங்களில் நல்ல ஸ்டீரியோ இசை கேட்க ஆசை. அதற்கு ஏற்ற கருவி கம்பெனியிலேயே இருந்தது. ஆனால் கையில் தூக்கிக்கொண்டு திரிய முடியாத கனம். “பத்திரிகையாளர்களுக்காகச் செய்த பிரஸ்மேன் என்ற சின்ன ரெக்கார்டர் இருக்கிறதே, அதில் பாட்டு மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று செய்து தாருங்கள்” என்றார். பொறியாளர்கள் பிரஸ்மேனைப் பிரித்தார்கள். பதிவு செய்யும் பகுதியை எடுத்தார்கள், ஸ்பீக்கரை எடுத்தார்கள், அந்த இடத்தில் ஸ்டீரியோவுக்கான மின்சுற்றை வைத்தார்கள்.

கேட்டுப் பார்த்த இன்னொரு நிறுவனர் அகியோ மொரிடாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இது பெரியவர் ஒருவரின் விமானப் பயணத்தோடு நிற்கப்போவதில்லை என்று. நாள் முழுக்கப் பாட்டுக் கேட்க விரும்பும் இளைஞர்களுக்கான பொருள் இது, கோடை விடுமுறைக்கு முன் கடைக்கு வந்தாக வேண்டும் என்று கெடு வைத்தார்.

கம்பெனிக்குள்ளேயே பலருக்கு நம்பிக்கை இல்லை. ரெக்கார்டு செய்யாத டேப் ரெக்கார்டரை யார் வாங்குவார்கள்? கடைக்காரர்களும் அதையே கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வாடிக்கையாளர் கேட்டால் என்னவென்று சொல்வது? ‘டேப் ரெக்கார்டர்தான், ஆனால் ரெக்கார்டு ஆகாது, சத்தமும் வெளியே வராது’ என்றா? இல்லாததையெல்லாம் அடுக்கி ஒரு பொருளை விற்க முடியுமா என்ன! மொரிடா அசையவில்லை. இதற்குத் தானே பொறுப்பு என்று சொல்லி, முதல் தவணையாக 30,000 கருவிகள் செய்ய வைத்தார்.

பழைய பொருளின் பெயரைச் சொல்லும்வரை இது குறையுள்ள டேப் ரெக்கார்டராகவேதான் தெரியும். புதுப் பெயர் வேண்டும். அதுவும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாமல், அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்ல வேண்டும். முதலில் ‘ஸ்டீரியோ வாக்கி’ என்று யோசித்தார்கள். ‘வாக்கி’ வேறொரு கம்பெனியிடம் பதிவாகியிருந்தது. பிரஸ்மேனின் ‘மேன்’ கையிலேயே இருந்தது, சூப்பர்மேன் படமும் அப்போது பிரபலம். இளம் ஊழியர்கள் ‘வாக்மேன்’ என்று முடித்துவிட்டார்கள்.

மொரிடாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆங்கில இலக்கணம் உதைக்கிறதே! ஆனால் அவர் சொல்வதற்குள் விளம்பர வேலைகள் தொடங்கிவிட்டன. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஜூன் மாதம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார்கள். வழக்கமான ஹோட்டல் ஹாலில் மேடை போட்டுப் பேசியிருந்தால், எழுதுவதற்கு இருந்தது ‘ரெக்கார்டு ஆகாத ரெக்கார்டர்’ ஒன்றுதான். அதனால் அவர்களை பஸ்ஸில் ஏற்றி டோக்கியோவின் யோயோகி பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாக்மேன். தலையில் மாட்டிக்கொள்ள 50 கிராம்கூடத் தேறாத ஹெட்போன். அந்நாளைய ஹெட்போன்கள் 300, 400 கிராம் இருந்தன என்பதை நினைத்தால், நடந்துகொண்டே கேட்பதைச் சாத்தியமாக்கியது பெட்டியைவிட இந்த ஹெட்போன்தான் என்று தோன்றும்.

பேச்சாளர் யாரும் வரவில்லை. பட்டனை அழுத்தினால் விளக்கமே கேசட்டிலிருந்து இசையோடு காதில் விழுந்தது. கண்ணெதிரே இரண்டு பேர் ஓட்டும் சைக்கிளில் ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் பாட்டுக் கேட்டபடி போனார்கள்.

1979 ஜூலை 1 அன்று விற்பனைக்கு வந்தது, விலை 33,000 யென். அந்த மாதம் விற்றது சுமார் 3,000தான். பத்தில் ஒரு பங்கு! விளம்பரத்தில் படம் பார்த்தவருக்கு நீல நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி தெரியும், காதுக்குள் விழும் இசை தெரியாதே. அதனால் இளைஞர்களை வாக்மேனோடு கின்சா, ஷிஞ்சுகு போன்ற கூட்டம் மிகுந்த இடங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய வேலை, எதிரே வருகிறவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டுச் சும்மா நிற்பதுதான். நம் ஊர்க் கடைகளில் மிக்ஸி வந்த புதிதில் அரைத்துக் காட்டினார்களே, அதே வித்தை. ஆகஸ்ட் முடிவதற்குள் 30,000-மும் தீர்ந்துவிட்டது.

இது எதற்கான பொருள் என்பதில் மொரிடாவே ஒரு விஷயத்தில் தவறினார் என்பதுதான் வேடிக்கை. வீட்டில் அவர் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தபோது மனைவிக்கு எரிச்சல். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றியது. எனவே இரண்டு ஹெட்போன் மாட்டும்படி இரண்டு துளைகள் வைக்கச் சொன்னார். பாட்டுக்கு நடுவே பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன், அதை அழுத்தினால் பாட்டுச் சத்தம் குறைந்து, உள்ளே உள்ள மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்கும். வாங்கியவர்களோ தன் பெட்டி, தன் பாட்டு என்று ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். தனியாகக் கேட்பதற்குத்தான் அவர்கள் காசு கொடுத்திருந்தார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்த ஆரஞ்சு பட்டன் காணாமல் போனது.

வெளிநாடுகளில் பெயரைப் பற்றிய பழைய பயம் மறுபடி தலைதூக்கியது. இந்த ஆங்கிலத்தை ஆங்கிலேயர்களிடமே எப்படி விற்பது? அமெரிக்காவில் ‘சவுண்ட்அபவுட்’, பிரிட்டனில் ‘ஸ்டோஅவே’, ஸ்வீடனில் ‘ஃப்ரீஸ்டைல்’ என்று ஊருக்கொரு பெயர் வைத்தார்கள். ஸ்டோஅவே என்றால் டிக்கெட் இல்லாமல் கப்பலில் ஒளிந்து வருகிறவன்! இந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை. ஜப்பானுக்கு வந்து போனவர்கள் வாயில் ‘வாக்மேன்’ தானாகப் பரவிவிட்டது. மொரிடா ஐரோப்பா போனபோது பிள்ளைகள் வாக்மேன் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்களாம். உடனே எல்லா நாட்டுக்கும் அந்த ஒரே பெயர் என்று உத்தரவு போட்டார்.

1986-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ‘வாக்மேன்’ ஏறியது. ஒரு வகையில் அதுவே வினையாகவும் முடிந்தது. எந்தக் கம்பெனி செய்த சின்ன கேசட் பெட்டியையும் மக்கள் வாக்மேன் என்றே அழைத்தார்கள். நம் பர்மா பஜாரிலும் அப்படித்தானே! ஆஸ்திரியாவில் சோனி வழக்குப் போட்டது. ஜெர்மன் அகராதி ஒன்றிலேயே அது வணிகப் பெயர் என்ற குறிப்பு இல்லாமல் பொதுச்சொல்லாக அச்சாகியிருந்தது. அதைத் திருத்த வைக்க சோனி முயலவில்லை என்பதும் எதிராகப் போனது. 2002-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சோனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஸ்வீடன் கதை வேறு. சோனியே வேண்டாம் என்று கைவிட்ட ‘ஃப்ரீஸ்டைல்’ அங்கே வீட்டுச் சொல்லாகத் தங்கிவிட்டது. எந்தக் கம்பெனியின் கையடக்க கேசட் பெட்டியானாலும் அங்குள்ளவர்களுக்கு அது ஃப்ரீஸ்டைல்தான்.