காய்ச்சல் விட்ட பிறகு நாடி ஓடினால் கவனம் தேவை

வடகிழக்குப் பருவமழை பிடித்து தாமல் ஏரிக்குத் தண்ணீர் வரத்து தொடங்கினால், சுற்று வட்டாரத்தில் நடவும் களையெடுப்புமாக வேலை நெருக்கும். டெங்கு காய்ச்சல் வருவதும் அதே மாதங்களில்தான். 2017-ம் ஆண்டு தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. டெங்குவில் ஆபத்தான நேரம் பெரும்பாலும் காய்ச்சல் கொதிக்கும் நாள்களில் வருவதில்லை. காய்ச்சல் விடும் அன்றும், அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாள்களிலும்தான் வருகிறது.

தாமல் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் பயிரிடும் 45 வயது விவசாயி ஒருவருக்கு நடந்ததைப் பார்த்தால் இது புரியும். நான்கு நாள் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மேலெல்லாம் அடித்துப் போட்டது போல் வலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதித்து டெங்கு என்று சொல்லி, பாராசிட்டமால் மாத்திரை கொடுத்து, தினமும் வந்து காட்டச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு தொட்டால் குளிர்ந்திருந்தது. ‘காய்ச்சல் விட்டுடுச்சு, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?’ என்று மடை பார்க்கக் கிளம்பினார். வரப்பில் நடக்கும்போதே தலை கிறுகிறுத்தது. வீட்டுக்கு வந்து படுத்தவருக்கு வயிற்று வலியும் இரண்டு முறை வாந்தியும் வந்தது.

தெருவுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் அவர் கையைப் பிடித்து ஒரு நிமிடம் நாடியை எண்ணினார். 118 இருந்தது. உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. “அண்ணே, காய்ச்சலே இல்லாதப்ப நாடி இப்படி ஓடக் கூடாது. கடைசியா எப்ப சிறுநீர் போனீங்க?” என்று கேட்டார். விடியற்காலைக்குப் பிறகு போகவில்லை. உடனே 108-ஐ அழைத்து காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார். அங்கே ரத்த அழுத்தம் 100-க்கு 82. மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் 40 அளவில் இருக்க வேண்டிய இடைவெளி 18 ஆகச் சுருங்கியிருந்தது. பி.சி.வி. என்ற ரத்த அடர்த்தி அளவு 40-லிருந்து 49-க்கு ஏறியிருந்தது.

உடம்புக்குள் நடந்தது இதுதான். வரப்பில் நண்டு வளை விழுந்தால், வாய்க்காலில் விட்ட தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் அடுத்த வயலுக்குப் போய்விடும். டெங்குவில் அதுபோல ரத்தக் குழாய்களின் சுவர் கசிகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் போய்த் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சிய ரத்தம் கெட்டியாகிறது, பி.சி.வி. ஏறுவது அதனால்தான். இருக்கிற கொஞ்சத்தைக் கொண்டு உடம்பு முழுக்கப் பாய்ச்ச இதயம் வேகமாகத் துடிக்கிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரை இருக்கும். தட்டணுக்கள் எத்தனை என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. நாடி, கையின் சூடு, சிறுநீர், பி.சி.வி. நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அவருக்கு மணிக்கணக்குப் பார்த்து அளவாக சலைன் ஏற்றினார்கள். ஏழாம் நாள் பசி எடுத்தது, சிறுநீர் தாராளமாகப் போனது. உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பும் சிவந்த தடிப்பும் வந்தன. நாடி 58-க்கு இறங்கியது. வீட்டார் பயந்தார்கள். ஆனால் டெங்கு தேறும்போது படுத்திருப்பவருக்கு நாடி வழக்கத்தைவிட மெதுவாக ஓடுவது சகஜம். அரிப்பும் தேறுவதன் அடையாளமே. மயக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் மட்டுமே மெதுவான நாடிக்குக் கவலைப்பட வேண்டும். தேறுகிற நேரத்தில் நாடி வேகமாக ஓடுவதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

வீட்டில் நாடி பார்ப்பது கடினமில்லை. ஐந்து நிமிடம் படுத்திருக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கத்துப் பள்ளத்தில் உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலை வைக்காதீர்கள், அதிலேயே துடிப்பு உண்டு, கணக்கு தவறும். ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை வழக்கமானது. குழந்தைகளுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் நாடியை ஏற விடாமல் பிடித்துவைக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நாடி சரியாக இருக்கிறது என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

வீடு திரும்பி ஐந்து நாள் கழித்து அதே விவசாயி மெதுவாகக் கழனி வரை நடந்தார். நாடி 112-க்கு ஏறியது, கால் துவண்டது. மர நிழலில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் 84-க்கு இறங்கிவிட்டது. இது வேறு வகை. பல நாள் படுத்துக் கிடந்த உடம்பு, சரியாகச் சாப்பிடாத உடம்பு, கொஞ்சம் நடந்தாலும் இப்படித்தான் படபடக்கும். ஓய்வில் இறங்கிவிட்டால், கை சூடாக இருந்தால், சாப்பாடும் சிறுநீரும் சரியாக இருந்தால் பயமில்லை. இந்த அசதி சில வாரங்கள் வரை நீடிக்கலாம். படுத்திருக்கும்போதே நாடி 100-க்கு மேல் நின்றாலோ, எழுந்து நின்ற சில நிமிடங்களில் 30-க்கு மேல் கூடித் தலை சுற்றினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். உள்ளுக்குள் ரத்தம் கசிவது, வேறு கிருமி தொற்றியது, அரிதாக இதயத் தசை வீங்கியது என்று அதற்குக் காரணங்கள் உண்டு.

காய்ச்சல் விட்ட பிறகும் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலே, பகலோ இரவோ, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்:

விடாத வயிற்று வலி, அடிக்கடி வாந்தி, ஈறு, மூக்கில் ரத்தம் அல்லது தார் போல் கறுத்த மலம், பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கு, கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் இவற்றுக்காகக் காத்திராமல் முதலிலேயே டாக்டரின் பார்வையில் இருப்பது நல்லது.

இரண்டு பழக்கங்களை விட வேண்டும். ஒன்று, உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென், ஆஸ்பிரின் வாங்கிப் போடுவது. இவை ரத்தக் கசிவைக் கூட்டும். மற்றொன்று, தேறி வந்த பிறகு ‘தெம்புக்கு ஒரு குளுகோஸ் பாட்டில்’ ஏற்றச் சொல்வது. தேறும் கட்டத்தில், வெளியே கசிந்த நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பி வருகிறது. நிரம்பிய வாய்க்காலில் மறுபடி மோட்டார் போட்டது போல, மேலும் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். வாயால் குடிக்க முடிகிறவருக்குக் கஞ்சி, மோர், இளநீர், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். போதும். பருப்பு, முட்டை, கீரை என்று வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம்.

வேலைக்குத் திரும்புவதையும் படிப்படியாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் காலை வெயிலுக்கு முன் மடை பார்த்துவிட்டு வருவது, அடுத்த வாரம் உட்கார்ந்து செய்யும் வேலை, அதன் பிறகே மண்வெட்டி. முதுகில் தெளிப்பானைச் சுமந்து மருந்தடிப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 16 லிட்டர் சுமையோடு சேற்றில் நடக்கும்போது தலை சுற்றி விழுந்தால் மருந்தும் மேலே கொட்டும். அந்த ஒரு தெளிப்பை வேறு ஆள் வைத்து முடித்துக்கொள்ளலாம்.