பகிடியா, குத்தலா?

நேற்று கல்முனையிலிருந்து காத்தான்குடிக்கு பஸ்ஸில் வந்தோம். குருக்கள்மடம் வந்ததும் எங்களோட ட்ரெய்னிங் கொலேஜில் படித்த தமிழ் நண்பன் சொன்னான்: "பயப்படாதீங்கடா, இண்டைக்கு ஒருத்தரும் இறக்க மாட்டாங்க."

1990 ஜூலையில் ஊர் திரும்பிய எங்கட ஆக்களைக் கடத்திக் கொன்ற இடம் அது. பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது. நாங்களும் சிரித்து வைத்தோம். இரவு நித்திரை வரவில்லை.

இன்று இன்டர்வெலில், ஆளில்லாத இடத்தில் சிரிக்காமல் கேட்டோம்: "மச்சான், நேத்துச் சொன்னது பகிடியா? எங்களுக்கு நொந்திச்சு."

குத்தலென்றால் "இதுக்கெல்லாமா கோபம்?" என்று பிழையை எங்களில் போட்டிருப்பான். அவன் தலைகுனிந்தான். "அந்த இடத்தில எனக்குத்தான் வெக்கம்டா. என்ன பேசுறெண்டு தெரியாம வாயில வந்திட்டு."

சபையில் கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது.