1943ஆ, 1948ஆ? f/22 இல் நாங்கள் எடுத்த படங்களின் கதை

பாடசாலையின் பழைய சேர்வு இடாப்பைப் படம் பிடித்து முடித்துவிட்டோம் என்று போன மாதம் இங்கே எழுதியிருந்தோம். பலர் வாழ்த்தியிருந்தீர்கள். அந்த வேலையை முதலில் இருந்து திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. ஏன் என்று சொல்வதுதான் நியாயம்.

பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரு மூத்தம்மாவுக்காக அவருடைய பேரன் வந்திருந்தார். 1949 இல் பாடசாலையில் சேர்ந்தவர். லெப்டொப்பில் பக்கத்தைத் திறந்து பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. "சேர், ஒரு வயசுப் பிள்ளையை ஸ்கூலுக்குச் சேர்த்திருக்க மாட்டாங்கதானே" என்று பேரன் சிரித்தார். அது சரிதான். ஆனால் அதே பக்கத்தில் அப்படி ஊகிக்க முடியாத இலக்கங்கள் இன்னும் ஒன்பது இருந்தன. பல பெயர்களில் மெய்யெழுத்தின் புள்ளியும் காணாமல் போயிருந்தது.

இடாப்பை எடுத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, கைவில்லையால் பார்த்தோம். தெளிவான 3. மேல் வாயும் கீழ் வாயும் திறந்தே இருந்தன. தொட்டெழுதும் பேனையால் எழுதிய மெல்லிய கோடு, மங்கியிருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியென்றால் பிழை புத்தகத்தில் இல்லை, எங்கள் படத்தில். அந்தத் தாள்கள் ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் ஓரத்தில் உதிர்கின்றன. இன்னும் சில வருடங்களில் படம் மட்டும்தான் மிஞ்சும். அந்தப் படம் 3 ஐ 8 என்று காட்டினால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

கை நடுங்கியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் கெமரா ட்ரைபொட்டில் இருந்தது, இரண்டு செக்கன் டைமர் வைத்தே எடுத்திருந்தோம். கெமரா அசைந்தால் கோடுகள் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். ஒரு படத்தில் கூடும், அடுத்ததில் குறையும். எங்கள் படங்களில் அப்படி இல்லை. அடுத்து போகஸ் பிழையோ என்று பார்த்தோம். போகஸ் தவறினால் அதற்கு முன்னுக்கோ பின்னுக்கோ ஏதாவது ஒன்று கூராக விழுந்திருக்கும். மேசை விரிப்பின் நூல்வரை பெருப்பித்துப் பார்த்தோம். கூரான இடம் எங்கேயும் இல்லை. நடுவிலும் மூலையிலும் ஒரே அளவு மென்மை, எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி. யாரோ படத்தின் மேல் மெல்லிய எண்ணெய்த்தாளைப் போட்டது போல.

காரணம் நாங்களே விரும்பிச் செய்த ஒன்று. தடித்த புத்தகத்தை விரித்தால் நடுத்தையல் பக்கம் தாள் மேடாக எழும்பி நிற்கும். மேட்டில் போகஸ் செய்தால் ஓரம் கலங்கும் என்ற பயத்தில் லென்ஸின் துவாரத்தை f/22 வரை சுருக்கிவிட்டோம். துவாரம் சின்னதானால் முன்னும் பின்னும் கூடுதலான ஆழம் கூராக விழும் என்பது சரியான பாடம்தான். அதற்கு இன்னொரு பாதி இருக்கிறது. அதை உயர்தர வகுப்பில் கோணல் என்ற பெயரில் வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறோம். கெமராவைக் கையில் எடுத்தபோது மறந்துவிட்டோம்.

ஒளி அலை. ஒரு துவாரத்தால் போகும்போது அதன் விளிம்பில் கொஞ்சம் விரிந்துதான் போகும். துவாரம் சுருங்கச் சுருங்க விரிவு கூடும். இரண்டு விரல்களைக் கண்ணுக்குக் கிட்ட வைத்து, நடுவில் மயிரிழை இடைவெளி விட்டு ரியூப் லைட்டைப் பாருங்கள். இடைவெளிக்குள் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் விரலில் இல்லை, ஒளி விரிந்து தன்னோடு தானே கலப்பதால் வருபவை.

ஆகவே எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் தாளில் உள்ள ஒரு ஊசிமுனைப் புள்ளியை ஊசிமுனையாகச் சென்சரில் விழுத்த முடியாது. சின்ன வட்டமாகத்தான் விழும். நடு பிரகாசமாகவும் ஓரம் மங்கியும் இருக்கும், சுற்றி மெல்லிய வளையங்கள் இருக்கும். 1835 இல் இந்த வட்டத்தின் அளவைக் கணக்கிட்டவர் ஜோர்ஜ் எயரி என்ற ஆங்கில வானியலாளர். அவர் தொலைநோக்கிக்குள் நட்சத்திரம் எப்படித் தெரியும் என்று யோசித்தார். எங்களுக்கு அதே கணக்கு இடாப்பில் வந்து நிற்கிறது:

வட்டத்தின் விட்டம் = 2.44 × அலைநீளம் × f எண்

தரம் 13 பிள்ளை ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். "50 மில்லிமீற்றரில் f/22 என்றால் துவாரம் 2.3 மில்லிமீற்றர். பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மில்லிமீற்றர். துவாரம் நாலாயிரம் மடங்கு பெரிசு. அதுக்குள்ள போய் ஒளி எப்படி சேர் விரியும்?" விரிவது மிகக் கொஞ்சம்தான். கணக்குப் போட்டால் வட்டத்தின் விட்டம் 0.03 மில்லிமீற்றர் வருகிறது. ஆனால் எங்கள் கெமராவின் சென்சரில் ஒரு பிக்சலின் அகலம் 0.004 மில்லிமீற்றர். ஒரு பிக்சலில் அடங்க வேண்டிய புள்ளி, குறுக்கே ஏழு பிக்சலில் பரவி நிற்கிறது.

தாளில் இது எவ்வளவு? விரித்த இடாப்பின் 45 சென்ரிமீற்றர் அகலம் முழுவதையும் 23.5 மில்லிமீற்றர் சென்சருக்குள் அடக்கியிருக்கிறோம். பத்தொன்பது மடங்கு சுருக்கம். ஆகவே 0.03 மில்லிமீற்றர் வட்டம் தாளில் அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. அந்த எழுத்தரின் 3 இன் வாய் அதைவிடச் சின்னது. இரண்டு பக்கத்து மையும் விரிந்து வாய்க்குள் வழிய, 8 ஆகிவிட்டது. மெய்ப்புள்ளிகளும் அப்படித்தான் கரைந்தன. கறுப்பு மை என்றால் ஓரளவு தப்பியிருக்கும். இது பழுப்புத் தாளில் மங்கிய மை.

இனி எந்த எண்ணில் எடுப்பது? துவாரத்தை முழுதாகத் திறந்தால் கோணல் குறையும், ஆனால் லென்ஸின் சொந்தக் குறைகள் வெளியே வரும். கண்ணாடியின் ஓரத்தால் வரும் கதிர்கள் நடுவால் வருபவை போல ஒழுங்காக ஒரே இடத்தில் கூடுவதில்லை. மூலைகளில் இது நன்றாகத் தெரியும். கொஞ்சம் சுருக்கினால் அந்தக் கதிர்கள் வெட்டுப்பட்டுப் படம் கூராகும். மேலும் சுருக்கினால் கோணல் வந்து கெடுக்கும். ஒன்று குறைந்து மற்றது இன்னும் கூடாமல் இருக்கும் இடம்தான் நாங்கள் தேட வேண்டியது. அது லென்ஸுக்கு லென்ஸ் மாறும் என்பதால் எங்கள் லென்ஸை நாங்களே சோதித்தோம்.

பொடி எழுத்து விளம்பரங்கள் உள்ள பழைய பத்திரிகைத் தாளைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டினோம். கெமராவை அதற்கு நேர் எதிரே ஒரு மீற்றர் தூரத்தில் நிறுத்தினோம். ISO மாறாமல், ஒரு தரம் போகஸ் செய்து அதை மனுவலில் பூட்டிவிட்டு, f/5.6, f/8, f/11, f/16, f/22, f/32 என்று ஆறு படம். f/8 இல் இருந்து f/22 க்குப் போனால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும். 1/30 செக்கன் 1/4 செக்கனாக நீளும். அதனால் இங்கேயும் டைமர் கட்டாயம், இல்லாவிட்டால் அசைவையும் கோணலையும் பிரித்தறிய முடியாது. பிறகு லெப்டொப்பில் 100% அளவில் நடுவையும் ஒரு மூலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். போன் திரையில் பார்த்தால் ஆறும் அழகாகத்தான் இருக்கும். முதல் தரம் நாங்கள் ஏமாந்ததும் அங்கேதான்.

f/5.6 இல் நடு நல்ல கூர், மூலை கலங்கல். f/8 இல் மூலையும் தெளிந்தது. f/11 உம் f/8 உம் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம். f/16 இல் பொடி எழுத்து மென்மையாகத் தொடங்கியது. f/22 இல் எங்கள் இடாப்பில் கண்ட அதே எண்ணெய்த்தாள். f/32 ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் லென்ஸில், முழுதாகத் திறந்த எண்ணில் இருந்து இரண்டு மூன்று படி சுருக்கிய இடத்தில் தேடத் தொடங்கலாம். எங்களுடையது மாதிரி f/5.6 இல் தொடங்கும் கிட் லென்ஸில் ஒரு படியிலேயே வந்துவிடுகிறது.

அப்படியானால் மேடாக எழும்பும் தாள்? இதைத்தான் முதலிலேயே கணக்குப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மீற்றர் தூரத்தில், 50 மில்லிமீற்றரில், f/8 இல், கடுமையான அளவுகோல் வைத்தாலும் ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர் ஆழம் கூராக விழும். எங்கள் தாளின் மேடு மூன்று சென்ரிமீற்றர்கூட இல்லை. மேட்டின் உச்சியிலும் இல்லாமல் அடியிலும் இல்லாமல் இடையில் போகஸ் செய்தால் போதும். f/22 தேவையே இல்லாத பயம்.

f/22 எப்போதும் பிழை என்று சொல்லவில்லை. பூவையோ பூச்சியையோ மிகக் கிட்டப் போய் எடுக்கும்போது ஆழம் போதாமல் பாதி உடம்பு கலங்கிப் போகும். அந்தக் கலங்கல் கோணலைவிட மோசம், அங்கே f/16 க்குப் போவதில் தவறில்லை. 1932 இல் அன்செல் அடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் போன்றவர்கள் தங்கள் குழுவுக்கு f/64 என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் வெஸ்டனின் நெகட்டிவ் 8×10 அங்குலம், அதைப் பெருப்பிக்காமல் அதே அளவில் அச்சிட்டார். f/64 இன் 0.09 மில்லிமீற்றர் வட்டம் அந்த அச்சில் கண்ணுக்குப் பிடிபடாது. நாங்கள் தபால்தலை அளவுச் சென்சரில் எடுத்துவிட்டு மடங்கு மடங்காகப் பெருப்பிக்கிறோம். போன் வைத்திருப்பவர்கள் இதில் குழம்ப வேண்டியதில்லை. பெரும்பாலான போன்களில் துவாரத்தை மாற்றவே முடியாது.

பழைய படங்களைக் கணினியில் கூராக்கலாமே என்று ஒரு பழைய மாணவர் கேட்டிருந்தார். செய்து பார்த்தோம். விளிம்புகள் கறுத்தன, படம் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் அந்த 3, இன்னும் அழுத்தமான 8 ஆனது.

இடாப்பில் 212 பக்கம். வருகிற சனிக்கிழமை காலையில் தொடங்குகிறோம், யன்னல் வெளிச்சத்தில், f/8 இல். தாள் புரட்ட நிதானமான கை உள்ள இரண்டு பேர் தேவை. முதல் பத்துப் பக்கத்தை அங்கேயே லெப்டொப்பில் 100% இல் பார்த்த பிறகுதான் பதினோராவது பக்கத்தைப் புரட்டுவோம்.